முப்பத்து நான்கு விநாடி வரவேற்பு: சேனல் டிரெய்லர் எப்படி வேலை செய்கிறது?

குலசேகரத்துக்கு அருகே ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் தேனீ வளர்க்கும் என் சித்தப்பா, அந்த அனுபவத்தை யூடியூப் சேனலில் பதிவு செய்து வருகிறார். அறுபதுக்கும் மேற்பட்ட வீடியோக்கள் சேர்ந்த பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. புதிதாகப் பக்கத்துக்கு வருகிறவர் பெட்டி பிரிப்பது, ராணியைத் தேடுவது, தேன் எடுப்பது, ரப்பர் துளிர்க்கும் காலத்தில் பெட்டி இடம் மாற்றுவது என்று எல்லாம் கலந்து கிடப்பதைப் பார்த்து, எதில் தொடங்குவது என்று தெரியாமலே வெளியேறினார். அதற்காக நாங்கள் ஷார்ட் எனும் குறுவீடியோவாகச் செய்த வரவேற்பு டிரெய்லரை எடுத்துக்கொண்டு, இத்தகைய ஒரு ஷார்ட் எப்படி இயங்குகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

யூடியூப் ஸ்டூடியோவின் Customization பகுதியில், சேனல் பக்கத்தின் உச்சியில் ஓடும் வீடியோவுக்கு இரண்டு இடங்கள் தனித்தனியாக உள்ளன. ஒன்று சந்தா சேராதவர்களுக்கான டிரெய்லர். மற்றொன்று ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குக் காட்டப்படும் வீடியோ. ஆகவே டிரெய்லரைப் பார்ப்பவர் சேனலுக்கு அந்நியர் என்பது முன்கூட்டியே உறுதி. நம்மை அறிந்தவர்களிடம் பேசும் ஒரு வாக்கியத்துக்கும் அதில் இடம் தேவையில்லை. வெளியிட்ட பிறகு அது எப்படித் தெரிகிறது என்பதைச் சேனலுக்கு உரியவர் தன் கணக்கிலிருந்து பார்த்தால் ஏமாந்துபோவார். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், கணக்கில் நுழையாமல் பார்க்க வேண்டும்.

நாங்கள் முதலில் செய்தது 58 விநாடி. சின்னமும் இசையும் வந்தன, பிறகு "வணக்கம் மக்களே" என்று தொடங்கி, சேனல் பிறந்த கதை நடந்தது. "மக்களே" எங்கள் ஊரில் பிள்ளையைக் கூப்பிடும் சொல், யூடியூபிலோ எல்லோரும் சொல்லும் சொல். அதனால் சித்தப்பாவின் அன்பு அதில் கேட்கவே இல்லை என்பது என் வருத்தம். ஆனால் உண்மையான பழுது வேறு. பார்வையாளர் எந்த நொடியில் விலகுகிறார் என்று காட்டும் வரைபடத்தில், கோடு முதல் சில விநாடிகளிலேயே சரிந்து, பிறகு ஏறக்குறைய சமமாக ஓடியது. தொடக்கத்தில் இப்படிச் சரிவு இருந்தால், உள்ளே சொன்னது பிடிக்காமல் போனவர்கள் அதிகமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் முன்பே போனவர்கள்தான் அதிகம் என்று பொருள். சரிவு நடுவில் வந்திருந்தால்தான் அந்த இடத்துப் பேச்சைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது முறை 34 விநாடியில் முடித்தோம். முதல் காட்சியிலேயே கை ஒன்று, தேன்பெட்டியில் புழுக்கள் வளரும் புழு அறையிலிருந்து சட்டத்தைத் தூக்குகிறது; குரல், "முதல் தேன்பெட்டி வீட்டுக்கு வந்தாச்சா? இனி என்ன செய்யணும்னு தெரியலையா?" என்று கேட்கிறது. இதற்கு நான்கு விநாடி ஆனது. அடுத்த ஏழு விநாடியில், இந்தச் சேனல் ஒன்று முதல் பத்துப் பெட்டி வரை வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கானது என்றும், தேன் விற்பனையை இங்கே பேசுவதில்லை என்றும் சொல்கிறார். யாருக்கு இல்லை என்பதையும் சொல்வது முரட்டுத்தனமாகப்படலாம். ஆனால் தேன் வாங்க வந்தவர் சந்தா சேர்ந்துவிட்டு அடுத்த வீடியோக்களைத் தொடாமல் கடப்பதைவிட, அப்போதே திரும்பிப் போவது நல்லது.

ஷார்ட்டாக வெளியிடும்போது ஒரு முரண்பாடு தலைகாட்டுகிறது. அதே வீடியோ, சேனல் பக்கத்துக்குத் தேடி வந்தவருக்கும், ஷார்ட்ஸ் வரிசையில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கும் காட்டப்படுகிறது. முன்னவர் ஒரு விஷயத்தை நாடி வந்தவர், பின்னவர் எதையும் நாடாதவர். தேனீ வளர்க்காதவர்கள் தள்ளிவிட்டுச் செல்வார்கள். அந்தத் தள்ளல்கள், வரிசையில் அந்த ஷார்ட் மேலும் பலரிடம் போவதைக் குறைக்கக்கூடும். டிரெய்லரின் வேலை பிரித்துச் சேர்ப்பது என்பதால் இந்த இழப்பை ஏற்றுக்கொண்டோம். பெருங்கூட்டம் வேண்டுமென்றால் அதற்கு வேறு ஷார்ட் எடுக்கலாம்.

வடிவமும் கவனிக்கத்தக்கது. ஷார்ட் நெட்டுவாக்கில் 9:16 அளவில் இருக்கும். கணினியில் சேனல் பக்கத்தில் வீடியோ ஓடும் பெட்டியோ அகலமாக 16:9. உயரத்துக்கு ஏற்றபடி நெட்டுப்படத்தை அகலப்பெட்டியில் பொருத்தினால், பெட்டியின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான பகுதியே நிரம்பும், மீதி இருபுறமும் கறுப்பு. எனவே எழுத்துகள் பெரிதாக வேண்டும். மறுபக்கம், கைபேசியின் ஷார்ட்ஸ் வரிசையில் வலது ஓரத்தையும் அடிப்பகுதியையும் பொத்தான்களும் தலைப்பும் மறைக்கும். ஒலியில்லாமல் பார்ப்பவர்களுக்கான எழுத்தை நாங்கள் நடுவுக்குச் சற்று மேலே வைத்தோம்.

எந்த வீடியோவை முதலில் பார்க்கச் சொல்வது என்பதில்தான் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. அதிகம் பார்க்கப்பட்டது, தண்ணீரில் ஊற்றித் தேனின் தரம் பார்ப்பது சரிதானா என்று கேட்ட வீடியோ. சித்தப்பா அதைத்தான் விரும்பினார். ஆனால் அது தேன் வாங்குபவருக்கானது. முதல் பெட்டி வைத்தவருக்கு அதனால் பயனில்லை. ரப்பர் காலத்து அறுவடை வீடியோவையும் தள்ளிவைத்தோம். உதிர்ந்த மரம் மீண்டும் துளிர்க்கையில் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் தேனுக்காகத்தான் எங்கள் பகுதிப் பெட்டிகள் தோட்டத்துக்குப் போகின்றன. அது ஆண்டின் சில வாரங்களுக்கே பொருந்தும்; மழைக்காலத்தில் வந்தவர் அதைப் பார்த்து என்ன செய்வார்? "பெட்டி வந்த முதல் ஏழு நாள்" என்ற வீடியோவைத் தேர்ந்தோம். எந்த மாதத்திலும் பொருந்துவது, வேறு வீடியோவைப் பார்த்திருக்கத் தேவையில்லாதது, அதே வாரம் கைக்கு வேலை தருவது என்ற மூன்று காரணங்களும் அதில் கூடின.

பெயரைச் சொன்னால் மட்டும் ஆள் அங்கே போய்விடுவதில்லை. முடிவில் அடுத்த வீடியோவைக் காட்டும் இறுதித் திரையை ஷார்ட்டில் வைக்க முடியாது. விளக்கத்திலும் கருத்திலும் போடும் இணைப்புகள் 2023 ஆகஸ்டு முதல் அழுத்தினால் திறப்பதில்லை. எஞ்சும் வழி, ஸ்டூடியோவில் அந்த ஷார்ட்டின் விவரங்களில் Related video என்பதில் முதல் வீடியோவைத் தேர்ந்து வைப்பதுதான். அப்போது ஷார்ட்டின் மேல் அதன் தலைப்பு இணைப்பாகத் தெரியும். குரலில் சொல்லும் பெயரும் அங்கே தெரியும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் பார்ப்பவர் தயங்காமல் தொடுவார். இன்னொன்று: ஷார்ட் முடிந்ததும் மீண்டும் தொடக்கத்துக்கே ஓடும். வீடியோவின் பெயரைக் கடைசி நொடியில் வைத்தால் அடுத்த சுற்றின் முதல் காட்சி அதை விழுங்கிவிடும். அதனால் 24ஆம் விநாடியில் பெயரைச் சொல்லத் தொடங்கி, முடியும்வரை தலைப்பு அட்டையைத் திரையிலேயே நிறுத்தினோம்.

பலன் தெரிவது டிரெய்லரின் பார்வை எண்ணிக்கையில் அல்ல. ஷார்ட் ஓடத் தொடங்கினாலே இப்போது ஒரு பார்வையாகிவிடுவதால் அந்த எண் எதையும் சொல்லாது. முதல் வீடியோவின் ஸ்டூடியோ பக்கத்தில், பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பிரித்துக் காட்டும் பகுதியைத் திறந்து, சேனல் பக்கத்திலிருந்தும் ஷார்ட்டிலிருந்தும் வந்தோரை டிரெய்லருக்கு முந்தைய மாதத்துடன் ஒப்பிட வேண்டும். வந்தவர்கள் அந்த வீடியோவில் எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்பதையும் உடன் பார்க்க வேண்டும். வருகை கூடி, தங்கல் குறைந்தால், டிரெய்லர் தவறான ஆட்களை அழைக்கிறது.

ஆறு மாதம் கழித்துச் சித்தப்பா அந்த வீடியோவின் தலைப்பை, "தேனீ வளர்ப்பில் முதல் வாரம்" என்று மாற்றிவிட்டார். டிரெய்லரில் குரல் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது, இணைப்பில் புதிய பெயர் தெரிந்தது. வெளியிட்ட வீடியோவின் கோப்பை யூடியூபில் மாற்ற முடியாது. புதிதாக ஏற்றினால் பழைய கருத்துகளும் பார்வைகளும் உடன் வரா. தலைப்பைப் பழையபடி மாற்றி வைக்கச் சொன்னேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு மாற்றினார்.