"போச்சு" என்றால் "போச்சு"தான்

என் அண்ணன் மகளுக்கு அப்போது இரண்டு வயது எட்டு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த ஒரு படக்கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தாள். காற்றில் பறந்துபோன மஞ்சள் குடையைக் குட்டியானை தேடுகிற கதை. அச்சில் இருந்தபடியே வாசித்தேன்: "குட்டியானை குடையைத் தேடிச் சென்றது."

புத்தகத்தின் மேல் பட்டென்று ஓர் அடி. "இல்ல அத்தை! போச்சு!"

திரும்ப வாசித்தேன். திரும்ப "சென்றது" என்றே வாயில் வந்தது. கண்ணில் நீர் முட்ட, "போச்சு, போச்சு" என்று கத்த ஆரம்பித்துவிட்டாள். சமையலறையிலிருந்து என் அம்மா எட்டிப் பார்த்து, "நான் 'தேடிப் போச்சு'ன்னு படிப்பேன்டி. மூணு வாரமா அதத்தான் கேக்குறா" என்றார்.

நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஒரே கதையைத் தினமும் கேட்டு வாங்கும் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்றைய அழுகை என்னை யோசிக்க வைத்தது. பெரியவர்களுக்கு "சென்றது" என்பதும் "போச்சு" என்பதும் ஒன்றுதான். அவளுக்கு ஏன் இல்லை?

ஒரே கதையை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதற்கென்றே ஒன்பது கதைப் புத்தகங்களைத் தயாரித்தார்கள். ஒவ்வொன்றிலும் குழந்தைகள் அதுவரை பார்த்திராத இரண்டு பொருள்கள். அவற்றுக்குப் புதிதாக உருவாக்கிய பெயர்கள். மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரு வாரத்தில் மூன்று தடவை கதை வாசித்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாதிக் குழந்தைகளுக்கு ஒரே கதையை மூன்று முறை; மீதிப் பேருக்கு அதே இரண்டு சொற்கள் வருகிற மூன்று வேறு கதைகள். ஆக, புதுச்சொல் காதில் விழுந்த எண்ணிக்கை எல்லாருக்கும் சமம். பிறகு நான்கு படங்களைக் காட்டி, இந்தப் பெயருக்குரியது எது என்று கேட்டார்கள்.

ஒரே கதையைக் கேட்டவர்கள் அப்போதும் சரியாகக் காட்டினார்கள், நாள் கழித்துக் கேட்டபோதும் சரியாகக் காட்டினார்கள். வேறு வேறு கதை கேட்டவர்கள் கடைசி இரண்டு தடவைகளில் வாசித்து முடித்த கையோடு கேட்டால் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொற்கள் அவர்கள் மனத்தில் தங்கவில்லை.

இது எப்படி என்பதை எங்கள் குட்டியானையை வைத்தே பார்க்கலாம். முதல் நாள் ஒரு குழந்தைக்கு அந்தப் பக்கத்தில் எத்தனை வேலை! இது யார், ஏன் அழுகிறது, மஞ்சளாக மேலே பறப்பது என்ன, காற்றை எங்கே வரைந்திருக்கிறார்கள், பாட்டி ஏன் குரலைத் தாழ்த்துகிறார். இவ்வளவுக்கும் நடுவில் "குடை" என்ற ஒலியைப் பிடித்து, அந்த மஞ்சள் பொருளோடு சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். நேரம் போதாது, பக்கம் திரும்பிவிடும். மூன்றாம் நாள் யானையைப் பற்றிய கவலை இல்லை, அது எங்கே போகும் என்பது தெரியும். கண் நேராகக் குடைக்குப் போகிறது. பத்தாம் நாள் குடையும் பழகிவிட, ஓரத்தில் நிற்கிற தவளை கண்ணில் படுகிறது. நாம் ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசித்தோம். அவள் பார்த்தது ஏறக்குறைய பத்து வேறு பக்கங்கள்.

அதனால்தான் நமக்கு அலுப்பதுபோல் அவர்களுக்கு அலுப்பதில்லை. அமெரிக்காவில் செலஸ்ட் கிட் குழுவினர் 2012இல் ஏழெட்டு மாதக் கைக்குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். அடுத்து என்ன வரும் என்பது முழுக்கத் தெரிந்துவிட்டாலும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொஞ்சமும் ஊகிக்க முடியாவிட்டாலும் திருப்பிக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். குழந்தை ஒரு புத்தகத்தை இன்னும் கேட்கிறது என்றால், அதில் அதற்கு எடுக்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, ஒரு சொல் மாறினால் ஏன் அழுகை?

கேட்டதைப் பெரியவர்கள் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஜாக்குலின் சாக்ஸ் 1967இல் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு பத்தியை வாசித்துக்காட்டி, நடுவில் வந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு சின்ன மாற்றத்தோடு சொல்லி, இதுதானா என்று கேட்டார். வாக்கியம் முடிந்த உடனே கேட்டால் எந்த மாற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். இன்னும் 80 அசைகள் கேட்ட பிறகு, அதாவது சுமார் அரை நிமிடம் கழித்து, பொருள் மாறியிருந்தால் மட்டுமே பிடித்தார்கள். பொருள் அப்படியே இருந்து சொல்லமைப்பு மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் தெரியவில்லை. சாரத்தை எடுத்துக்கொண்டு சொற்களை விட்டுவிடுவது நம் வழக்கம்.

குழந்தைக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. சாரம் எது, மேல்பூச்சு எது என்று பிரிக்க வேண்டுமானால், எந்த இரண்டு சொற்கள் ஒரே பொருளைத் தருகின்றன என்பது முதலில் தெரிய வேண்டும். "சென்றது" என்றாலும் "போச்சு" என்றாலும் யானை நடந்த நடை ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் தெரிந்திருக்கும்போது புதிதாக ஒரு பெயர் காதில் விழுந்தால், அது வேறெதையோ குறிக்கிறது என்றுதான் சின்னக் குழந்தைகள் முதலில் நினைப்பார்கள். எலன் மார்க்மனும் குவின் வாக்டெலும் 1988இல் இதைக் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது பொருள்களின் பெயர்களை வைத்து. வினைச்சொல்லுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் என் மடியில் இருந்தவள் அன்று கேட்டது அவளுக்குத் தெரிந்த கதையில் இல்லாத ஏதோ ஒன்று என்பது மட்டும் அவள் முகத்தில் தெரிந்தது.

மீதிப் பாதி விடை எதிர்பார்ப்பில் இருக்கிறது. மூன்று வாரமாகக் கேட்ட கதையை அவள் சும்மா கேட்பதில்லை, கூடவே ஓடுகிறாள். என் அம்மா வாசிக்கும்போது அவள் உதட்டைக் கவனித்தேன். "குடையைத் தேடிப்" என்று வரும்போதே இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொண்டன, "போச்சு"வுக்குத் தயாராக. இதில் நம் மொழியும் கைகொடுக்கிறது. "தேடிப்" என்ற அந்தப் பகர ஒற்றே அடுத்து வருவது என்னவென்று முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. நான் "தேடிச்" என்றபோதே, "சென்றது" வருவதற்கு முன்பே, அவளுக்குத் தப்பு கேட்டுவிட்டது. அவள் கை ஓங்கியது அந்த இடத்தில்தான்.

எதிர்பார்த்த சொல்லுக்குப் பதில் பொருந்தாத சொல் வந்தால், பெரியவர்கள் மூளையிலும் சுமார் 400 மில்லி விநாடியில் மின்னலையில் ஒரு மாற்றம் தெரியும். மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் கண்டறிந்தது இது. நாம் ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு மேலே போய்விடுவோம். இரண்டரை வயதில் அப்படி விழுங்குகிற திறன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தூக்கம் வருகிற நேரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் இது ஏன் கொஞ்சம் கூடுதலாக நடக்கிறது என்பதை அன்றுதான் யோசித்தேன். படக்கதைப் புத்தகங்கள் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. பகல் முழுக்கப் பராமரிப்பு நிலையத்தில் ஆங்கிலம் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு "சென்றது" புரியாதே என்று வாசிக்கிறவர் அந்த நொடியிலேயே பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிடுகிறார். பாட்டி "தேடிப் போச்சு" என்பார், அப்பா "தேடிக்கிட்டு இருந்துச்சு" என்பார், அத்தை அச்சில் உள்ளதை அப்படியே படிப்பாள். அதே ஆள்கூட நேற்று மாற்றியதுபோல் இன்று மாற்றுவதில்லை. அட்டை ஒன்று, படம் ஒன்று. ஆனால் குழந்தை கேட்பது ஒவ்வொரு இரவும் ஒரு புதுக்கதை. ஹோர்ஸ்ட் ஆய்வில் ஒரே கதை கேட்டவர்களுக்குக் கிடைத்த பலன் இதில் கசிந்துபோகிறது என்பது என் எண்ணம்.

அதற்கு நாங்கள் செய்தது எளிய காரியம். ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டியின் வாக்கியத்தை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினோம். யார் வாசித்தாலும் அதுதான். "சென்றது" என்பதையும் அவள் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் பழைய சொல்லை எடுக்காமல் பின்னால் சேர்த்தேன்: "குட்டியானை குடையைத் தேடிப் போச்சு. தேடிச் சென்றது." முதல் நாள் முறைத்தாள். ஆனால் அவள் காத்திருந்த சொல் அதன் இடத்தில் வந்துவிட்டதால் அழவில்லை. மதியத் தூக்கத்துக்கு முன்னால் வாசிப்பதையும் அண்ணி வழக்கமாக்கிக்கொண்டார். சோஃபி வில்லியம்ஸும் ஹோர்ஸ்ட்டும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கதை கேட்டுவிட்டுத் தூங்கிய மூன்று வயதுக் குழந்தைகள் புதுச்சொற்களை இன்னும் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

சாரம் பிடிபடத் தொடங்கிவிட்டதா என்பதை எதற்குக் கோபப்படுகிறார்கள் என்பதை வைத்தே ஓரளவு சொல்லலாம். ஆரம்பத்தில் எந்தச் சொல் மாறினாலும் எதிர்ப்புதான். அப்புறம் ஒரு கட்டத்தில் "சின்னக் குட்டியானை" என்று ஒரு சொல் கூடினால் விட்டுவிடுவார்கள். "பூனை குடையைத் தேடிப் போச்சு" என்றால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். என் வகுப்பில் பல பிள்ளைகளிடம் இந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன். பகலில், நல்ல மனநிலையில் இருக்கும்போது வேண்டுமென்றே ஒரே ஒரு தப்பு வைத்துப் பார்ப்பேன். உடனே திருத்துகிற பிள்ளைக்குக் கதை புரிந்திருக்கிறது. பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கதையை இன்னும் சில நாள் வாசிப்பேன்.

ஒரு கதையால் முடியாததும் உண்டு. அந்த ஆய்வுகளில் குழந்தைகள் காட்டியது படத்தில் இருந்த பொருளை. புத்தகத்து மஞ்சள் குடையும், மழையில் புளோக்குக்குக் கீழே தாத்தா விரிக்கிற கறுப்புக் குடையும் ஒன்று என்று தெரிய, அந்தக் கறுப்புக் குடையையும் யாராவது "குடை" என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை, ஒரே வழி, ஒரே ஒழுங்கு என்ற பிடிவாதம் கதையோடு நிற்காமல் நாள் முழுக்க நீண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், எதையும் சுட்டிக்காட்டாமல் குழந்தை இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கதையில் மட்டும் வருகிற பிடிவாதம் அந்த வகை அல்ல.

ஆறு வாரம் போல அந்தப் புத்தகம் ஓடியது, நூலகத்தில் தவணையை நீட்டி நீட்டி. ஒரு நாள் போனபோது பொம்மைக் கரடியை மடியில் வைத்து அவளே வாசித்துக்கொண்டிருந்தாள், புத்தகம் தலைகீழாக. "குட்டியானை குடையைத் தேடிச் சென்றது" என்றாள். பிறகு கரடியின் காதருகே குனிந்து, "சென்றதுன்னா போச்சு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.