எபிட்டா 'ரொக்க வருமானம்' ஆகாது

மன்னார்குடிப் பக்கம் நெல் அறுவடை மெஷின் வைத்திருக்கும் ஒருவர், கடன் மனுவோடு வைத்த திட்ட அறிக்கையின் தமிழாக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார். 'ரொக்க வருமானம்: 8 லட்சம்.' "இந்த எட்டு லட்சம் எங்க சார் இருக்கு? என் கையில ஒரு பைசா நிக்கலையே" என்றார். அந்த வரியின் ஆங்கில மூலம் எபிட்டா. அதை இப்படி மொழிபெயர்ப்பதை இத்தனை நாளும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இனி இருக்க முடியாது.

எபிட்டா என்பது ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துக் கோவை. வட்டி, வரி, தேய்மானம், அருவச் சொத்துகளின் தேய்வு ஆகிய நான்கையும் கழிப்பதற்கு முன் நிற்கும் லாபம் என்று பொருள். அமெரிக்காவில் டிசிஐ என்ற கேபிள் நிறுவனத்தை நடத்திய ஜான் மலோன் 1970களில் இதைப் பரப்பினார் என்பார்கள். கேபிள் பதிக்கக் கடன் வாங்கியதால் வட்டியும் தேய்மானமும் லாபத்தைத் தின்றுவிட்டன. தொழில் நன்றாக ஓடுகிறது என்று காட்ட அவருக்கு வேறு அளவு தேவைப்பட்டது. 1980களில் கடன் வாங்கி நிறுவனங்களை வளைத்தவர்கள், எவ்வளவு வட்டி தாங்கும் என்று பார்க்க இதையே பிடித்துக்கொண்டார்கள். கடன் உள்ளவரையும் இல்லாதவரையும், புது மெஷின்காரரையும் பழைய மெஷின்காரரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பது இதன் வசதி. அது நியாயமான வசதிதான்.

சரி, மன்னார்குடிக்காரர் கணக்கைப் பார்ப்போம். பெல்ட் மெஷின் 26 லட்சம், அதில் கடன் 20 லட்சம். குறுவையும் சம்பாவும் சேர்த்து 700 மணி நேரம், மணிக்கு 2,400 ரூபாய் வாடகை: 16 லட்சத்து 80 ஆயிரம். டீசல், டிரைவர் படி, ஆயில், புரோக்கர் கமிஷன், சில்லறை ரிப்பேர் எல்லாம் 8 லட்சத்து 80 ஆயிரம். மிச்சம் 8 லட்சம். இதுதான் எபிட்டா.

இதில் இரண்டரை லட்சம் இன்னும் வசூலாகவில்லை. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறினால்தான் விவசாயி வாடகை தருவார். ஆனால் கணக்கில் அது வரவாகிவிட்டது. வட்டி 2 லட்சம், அசல் தவணை 4 லட்சம் கட்டியாயிற்று. கூட்டிப் பாருங்கள், கையில் 50 ஆயிரம் துண்டு விழுகிறது. இதற்கா ரொக்கம் என்று பெயர்?

தேய்மானம் காசாக வெளியே போவதில்லை, அதனால் ரொக்கம்தானே என்பார்கள். போகவில்லைதான், ஏனென்றால் வாங்கிய அன்றே போய்விட்டது. சேற்றில் ஓடும் மெஷின் ஆறு வருடத்தில் 2 லட்சத்துக்குத்தான் போகும் என்றால், வருடம் 4 லட்சம் தேய்கிறது. அதைச் சேர்த்து வைக்காதவர் ஏழாம் வருடம் மறுபடி கடனுக்குத்தான் நிற்பார். வாரன் பஃபெட் கேட்டதும் இதைத்தான்: இயந்திரம் வாங்கும் செலவை தேவதை வந்தா கொடுக்கும்?

வேர்ல்ட்காம் நிறுவனம் இன்னும் மோசம் செய்தது. மற்ற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புக்குக் கட்டிய அன்றாடக் கட்டணத்தை மூலதனச் செலவு என்று மாற்றி எழுதியது. செலவு தேய்மானத்துக்குள் ஒளிந்துகொண்டது, எபிட்டா வீங்கியது. 2002ல் வெளிவந்தபோது தொகை 380 கோடி டாலர். பணம் போனது போனதுதான். எபிட்டாவில் மட்டும் அது தெரியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் செய்த இன்னொரு தவறு எனக்கு அதிகம் வலிக்கிறது. ரொக்க லாபம் என்ற பெயர் வங்கிக்காரர்களிடம் ஏற்கெனவே வேறொன்றுக்கு இருக்கிறது: நிகர லாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டினால் வருவது. இங்கே வரியை விட்டுவிட்டால், 2 லட்சம் லாபம், 4 லட்சம் தேய்மானம், ஆக 6 லட்சம். எட்டுக்கும் ஆறுக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைத்தால் படிப்பவர் என்ன செய்வார்? வருமானம் என்பதும் பொருந்தாது, நம் ஊரில் மொத்த வரவையும் அப்படித்தான் சொல்கிறோம்.

எபிட்டாவை 'கடன் தீர்ப்புக்கு முந்தைய' லாபம் என்று எழுதுபவர்களும் உண்டு. கடைசி எழுத்தான ஏ குறிக்கும் அமார்டைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் சாவு இருக்கிறது. கடனைத் தவணையாகச் சாகடிப்பதற்கும் அதே சொல் வழங்குவதால் அகராதியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இங்கே அது உரிமம், காப்புரிமை, மென்பொருள் போன்றவற்றின் மதிப்பை வருடவாரியாகக் குறைப்பது. அசல் தவணை லாபக் கணக்கில் கழிக்கப்படுவதே இல்லை. பிறகு அதற்கு முந்தையது எங்கிருந்து வரும்?

'ஈட்டம்' என்று தூய தமிழில் சொல்லலாமே என்று நண்பர் கேட்டார். அழகான சொல், ஆனால் மெஷின்காரருக்குப் புரியாது, லாபம் புரியும். தேய்மானம் என்ற சொல்லே இரண்டு தேய்வையும் தாங்கும். ஆகவே 'வட்டி, வரி, தேய்மானம் கழிக்காத லாபம்' என்று ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் எபிட்டா என்றே தொடரலாம். கழிக்காத என்ற சொல்தான் இதில் உயிர். இன்னும் கழிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது.

அவருடைய அறிக்கையில் அந்த வரியை அப்படியே திருத்திக் கொடுத்தேன். அதன் கீழே வாடகைப் பாக்கி, வட்டி, அசல் மூன்றையும் தனித்தனி வரியாக இறக்கி, 50 ஆயிரம் பற்றாக்குறை என்றும் எழுதினேன்.