சனி, ஞாயிறில் ஆப்ஷன் பிரீமியம் கரையுமா?

ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குச் சற்று முன்னால் நிஃப்டி ஆப்ஷன் ஒன்றை விற்றேன். இரண்டு நாள் சந்தை மூடியிருக்கும், அந்த இரண்டு நாளுக்கும் காலத் தேய்மானம் எனக்குச் சும்மா கிடைக்கும் என்று நினைத்தேன். திங்கள் காலை நிஃப்டி அதே இடத்தில்தான் திறந்தது. பிரீமியம் மட்டும் நான் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவே இல்லை. ஏன்?”

ஆப்ஷனின் விலை எதை வைத்துக் கரைகிறது, சுவரில் தொங்கும் நாட்காட்டியையா அல்லது சந்தை திறந்திருக்கும் நாட்களையா என்பதுதான் அவர் கேள்வியின் மையம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பயரி வரை விலை எவ்வளவு தூரம் நகரக்கூடும் என்பதற்கான கட்டணமே ஆப்ஷனின் கால மதிப்பு. பத்தாம் வகுப்பில் படித்த திட்ட விலக்கமும் அதன் வர்க்கமான வேரியன்ஸும் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு நாள் நகர்வும் மற்றதைச் சாராமல் இருந்தால் வேரியன்ஸ் நாளுக்கு நாள் கூடும். திட்ட விலக்கம் நாட்களின் வர்க்கமூலத்தைப் போல வளரும். அதாவது நான்கு நாள் நகர்வு என்பது ஒரு நாள் நகர்வைப் போல இரண்டு மடங்குதான். ஆப்ஷனில் குறித்த விலையான ஸ்ட்ரைக்கும் இப்போதைய விலையும் ஒன்றாக இருக்கும் அட்-த-மணி ஆப்ஷனுக்கு, பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம்:

```
பிரீமியம் ≈ 0.4 × S × σ × √T
```

S என்பது நிஃப்டி, σ என்பது ஏற்ற இறக்கம், T என்பது மிச்சமிருக்கும் காலம். இந்த T-யை எந்தக் கடிகாரத்தில் அளப்பது என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பயரி செவ்வாய்க்கிழமை. வெள்ளி மாலை 3:30-லிருந்து செவ்வாய் மாலை 3:30 வரை நாட்காட்டிப்படி நான்கு நாள். சந்தை நடக்கும் நாட்களோ திங்கள், செவ்வாய் என்று இரண்டுதான். நிஃப்டி 25,000-இல் இருக்கிறது, ஒரு வர்த்தக நாளின் திட்ட விலக்கம் 0.8 சதவீதம், அதாவது 200 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். வர்த்தக நாள் கணக்கில் வெள்ளி மாலை பிரீமியம் 0.4 × 200 × √2, சுமார் 113 ரூபாய்.

இப்போது அதே 113 ரூபாயை நாட்காட்டிக் கணக்குக்குக் கொடுத்துப் பாருங்கள். திங்கள் காலை 9:15-க்கு எக்ஸ்பயரிக்கு 30 மணி நேரம் 15 நிமிடம் மிச்சம், அதாவது 1.26 நாள். நான்கு நாள் 1.26 ஆகிவிட்டதால், ஏற்ற இறக்கம் மாறாதிருந்தால் பிரீமியம் 63 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டும். வாசகர் எதிர்பார்த்த 50 ரூபாய் இதுதான். வர்த்தக நாள் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. திங்களின் வேரியன்ஸில் ஐந்தில் ஒரு பங்கு திறப்பு விலைக்குள் வந்துவிட்டதாக ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், மிச்சம் 1.8 வர்த்தக நாள், பிரீமியம் 107. வாரக் கடைசி முழுதும் சேர்ந்து கரைத்தது ஆறு ரூபாய்தான். திங்கள் மாலை ஒரே ஒரு நாள் மிச்சமிருக்கும்போது அது 80 ஆகும். பெரிய கரைவு திங்கள் பகலில் நடக்கிறது, சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போது. அந்தப் பகலில் நிஃப்டி எங்கே போகும் என்ற ஆபத்தைத் தாங்கித்தான் விற்றவர் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

சரி, எந்தக் கடிகாரம் உண்மை? இதை வாதம் செய்து முடிவு கட்ட வேண்டியதில்லை, அளந்தே பார்த்துவிடலாம். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

விலை நாட்காட்டிப்படி நகர்கிறது என்றால், வெள்ளி முடிவிலிருந்து திங்கள் முடிவு வரையான மூன்று நாள் நகர்வின் வேரியன்ஸ், சாதாரண ஒரு நாள் வேரியன்ஸைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். கென்னத் ஃபிரெஞ்சும் ரிச்சர்ட் ரோலும் 1963 முதல் 1982 வரையான அமெரிக்கப் பங்கு விலைகளை எடுத்து இதை அளந்தார்கள். 1986-இல் வெளியான அவர்கள் கட்டுரைப்படி, வாரக் கடைசியைத் தாண்டிய நகர்வின் வேரியன்ஸ் ஒரு நாள் வேரியன்ஸைவிட 10.7 சதவீதம்தான் அதிகம். மூன்று மடங்குக்குப் பதில் 1.107 மடங்கு! சனியும் ஞாயிறும் சேர்ந்து ஒரு வர்த்தக நாளில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் சமம்.

இதற்கு எல்லோருக்கும் உடனே தோன்றும் காரணம், சனி ஞாயிறில் செய்தி வராது என்பது. நிறுவனங்கள் மூடியிருக்கும், முடிவுகள் வெளிவராது, எனவே விலை அசையாது. நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தி வராததால் விலை அசையவில்லையா, வர்த்தகம் நடக்காததால் அசையவில்லையா? வாரக் கடைசியில் இரண்டும் ஒன்றாகவே நின்றுவிடுவதால் பிரித்துப் பார்க்க வழியில்லை. செய்தி வழக்கம்போல வந்துகொண்டிருக்க, சந்தை மட்டும் மூடியிருக்கும் ஒரு நாள் வேண்டும்.

அப்படிப்பட்ட நாட்களை 1968 தந்தது. அப்போது பங்குகள் காகிதச் சான்றிதழ்களாகக் கைமாறின. வர்த்தகம் பெருகியதில் நியூயார்க்கின் தரகு அலுவலகங்களில் காகிதம் மலையாகக் குவிந்துவிட்டது. அதைத் தீர்க்க நியூயார்க் பங்குச் சந்தை அந்த ஆண்டின் பிற்பாதியில் புதன்கிழமைதோறும் மூடப்பட்டது. வங்கிகள் திறந்திருந்தன, ஆலைகள் ஓடின, அரசு அறிவிப்புகள் வந்தன. சந்தை மட்டும் இல்லை. செய்திதான் விலையை நகர்த்துகிறது என்றால், செவ்வாய் முடிவிலிருந்து வியாழன் முடிவு வரை இரண்டு நாள் அளவு வேரியன்ஸ் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ ஒரு நாள் அளவைவிடச் சற்றே கூடுதல். புதன்கிழமையின் நகர்வு வியாழனுக்குத் தள்ளிப்போகக்கூட இல்லை, பெரும்பகுதி நடக்கவேயில்லை.

ரோல் இதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1984-இல், இன்னொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது ஆரஞ்சுச் சாறு ஃபியூச்சர்ஸ். ஃபுளோரிடாவில் உறைபனி விழுந்தால் ஆரஞ்சு அழியும், சாற்றின் விலை ஏறும். இந்தச் சந்தைக்கு முக்கியமான செய்தி வானிலை, வானிலைக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. வாரக் கடைசி வேரியன்ஸ் இங்கேயாவது மூன்று மடங்கை நெருங்கியிருக்க வேண்டும். அவர் கண்டது 1.54 மடங்கு. பங்குகளைவிட அதிகம்தான், ஆனாலும் மூன்றில் பாதி.

அப்படியானால் விற்பதும் வாங்குவதுமே விலையை நகர்த்துகிறது. ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டது, அவர் வாங்கும்போதுதான் விலைக்குள் நுழைகிறது. சந்தை மூடியிருந்தால் அந்தக் கணக்கைப் போட அவருக்கு அவசரமும் இல்லை. இதோடு மிகையாக வாங்கி, பிறகு திருத்திக்கொள்ளும் பிழை நகர்வும் உண்டு. ஃபிரெஞ்சும் ரோலும் அதை ஒரு நாள் வேரியன்ஸில் 4 முதல் 12 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். பெரும்பங்கு அறிவு விலைக்குள் நுழைவதால்தான் என்பது அவர்கள் முடிவு.

இந்த ஆய்வுகள் சாத்தியமானது, சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1960-இல் அமெரிக்கப் பங்கு விலைகளுக்காக ஒரு தரவுக் களஞ்சியம் தொடங்க ஒரு தரகு நிறுவனம் பணம் கொடுத்ததால்தான். நம் ஊர்க் கல்லூரி மாணவர்களுக்கும் நிமிட வாரியான ஆப்ஷன் விலைகள் பத்தாண்டுக்காவது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாத இடத்தை “வெள்ளிக்கிழமை விற்றால் ராசி” போன்ற நம்பிக்கைகள் நிரப்பிக்கொள்கின்றன.

இனி வாசகரின் திரைக்கு வருவோம். ஆப்ஷன் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் ஏற்ற இறக்கத்தை ஐ.வி. என்பார்கள். பல செயலிகள் அதை 365 நாள் கணக்கில் போடுகின்றன. சந்தையோ வர்த்தக நாளைப் பார்த்து விலை வைக்கிறது. நம் எடுத்துக்காட்டில் தினசரி நகர்வு 200 புள்ளி என்பது மாறவே இல்லை. ஆனாலும் திரையில் ஐ.வி. புதன் மாலை 12.5 சதவீதம், வியாழன் மாலை 11.8, வெள்ளி மாலை 10.8 என்று இறங்கும். திங்கள் மாலை 15.3-க்குத் தாவும். வெள்ளியன்று யாரும் நிம்மதி அடையவில்லை, திங்களன்று யாரும் பயப்படவும் இல்லை. நான்கு நாளுக்கு வகுத்த இடத்தில் ஒரு நாளுக்கு வகுக்கிறோம், அவ்வளவுதான். வெள்ளி மாலை 113 ரூபாய் என்பதே வாரக் கடைசிக்கான தள்ளுபடி போன பிறகு நிற்கும் விலை. வாங்குபவரும் விற்பவரும் இரண்டு நாள் மூடல் வருவதைத் தெரிந்துதான் பேரம் பேசுகிறார்கள். நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் குறியீடான இந்தியா விக்ஸும் நாட்காட்டி நிமிடங்களில்தான் காலத்தை அளக்கிறது. அது 30 நாளைப் பார்ப்பதால் இந்த ஆட்டம் அங்கே சிறிதாகவே தெரியும்.

உங்கள் செயலி எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். நிஃப்டி பெரிதாக அசையாத ஒரு வாரத்தில், எக்ஸ்பயரிக்கு முந்தைய வெள்ளி மாலையும் திங்கள் மாலையும் அட்-த-மணி ஐ.வி.யைக் குறித்து வையுங்கள். திங்களன்று அது நாற்பது சதவீதம் போலத் தாவினால் அது நாட்காட்டிக் கடிகாரம். அந்தச் செயலி வெள்ளியன்று காட்டும் தீட்டாவை, அதாவது ஒரு நாள் கரைவை, மூன்றால் பெருக்கி லாபம் எதிர்பார்க்கக் கூடாது. நம் 113 ரூபாய் ஆப்ஷனுக்கு அது நாளுக்கு 14 ரூபாய் என்று காட்டும். அதில் வரப்போகும் திங்கள் பகலின் கரைவும் கலந்திருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும், நாட்காட்டிக்கும் இந்தச் சூத்திரத்தில் ஓர் இடம் உண்டு. வட்டி விடுமுறை பார்ப்பதில்லை. 25,000 புள்ளிக்கு ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்றால் நான்கு நாள் வட்டி சுமார் 18 புள்ளி. எனவே வட்டிக்கு நாட்காட்டி நாளும் ஏற்ற இறக்கத்துக்கு வர்த்தக நாளும் என்று ஒரே விலைக்குள் இரண்டு கடிகாரங்களை வைப்பதே சரியான முறை.

வாரத்தின் நடுவில் வரும் பண்டிகை விடுமுறையும் சனி, ஞாயிறு போலத்தான். ஆனால் உலகச் சந்தைகள் அன்று திறந்திருப்பதால் அதற்குச் சற்று அதிக எடை கொடுக்கலாம். சில வாரக் கடைசிகள் மொத்தக் கணக்கையும் புரட்டிவிடும். 2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வெளியாயின. திங்களன்று நிஃப்டி 3 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. செவ்வாயன்று வாக்கு எண்ணிக்கையில் 6 சதவீதம் போல விழுந்தது. அந்தச் சனி, ஞாயிறைப் பத்தில் ஒரு பங்கு நாள் என்று எடை போட்டு, வெள்ளி மாலை, நிஃப்டி ஏறினால் விற்றவருக்கு நஷ்டம் தரும் கால் ஆப்ஷனை விற்றவர் திங்கள் காலை 9:15-க்கே தவறைப் பார்த்திருப்பார். மூடியிருக்கும் நாளின் எடையைப் பழைய சராசரியிலிருந்து எடுத்துக்கொண்டாலும், அந்தக் குறிப்பிட்ட வாரக் கடைசியில் என்ன வரவிருக்கிறது என்று பார்த்து அதைக் கையால் கூட்டத்தான் வேண்டும். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட் நாள் சனிக்கிழமையாக இருந்தும் சந்தையைத் திறந்தே வைத்தார்கள். அந்த வாரத்தில் சனி முழு வர்த்தக நாள், ஞாயிறு மட்டும்தான் விடுமுறை.