செக் திரும்பினால் ஜெயில் இல்லை, ஆனால் பணத்துக்கு வழி உண்டு

"செக் திரும்பிடுச்சு சார், ஆளை உள்ளே தள்ள முடியுமா?" போன வாரமும் ஒருவர் இதே கேள்வியோடு சுங்கை சிப்புட்டில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். முடியாது. தயவுசெய்து இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செக் திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை என்பது இந்தியச் சட்டம். 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் 138ஆவது பிரிவு அது. தமிழ்நாட்டுச் செய்திகளில் நீங்கள் கேட்பதெல்லாம் அதைத்தான். மலேசியாவில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. இங்கே ஏமாற்றுக் குற்றம் என்று போக வேண்டுமானால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். கணக்கில் பணம் இல்லாமல் போனது மட்டும் அதற்குப் போதாது. போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டு, ரிப்போர்ட் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். தீபகற்பத்தில் சிவில் வழக்குப் போட ஆறு வருடம்தான் அவகாசம். ரிப்போர்ட் செய்ததால் அந்தக் கணக்கு நிற்காது.

ஓர் அக்காவின் வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தில் ஓய்வுபெற்றவர். இபிஎப் பணத்திலிருந்து 18,000 ரிங்கிட்டைத் தெரிந்த லாரி குத்தகைக்காரர் ஒருவருக்கு பேங்க் வழியாக அனுப்பியிருந்தார். அவர் பின்தேதியிட்ட செக் கொடுத்தார். தேதி வந்ததும் அக்கா அதை பேங்க்கில் போட்டார், திரும்பிவிட்டது. நான் கேட்ட முதல் கேள்வி, "செக்கில் இருக்கிற தொகையும் நீங்க கொடுத்த தொகையும் ஒண்ணுதானா அக்கா?"

"ஒண்ணுதான் தம்பி. வட்டி எதுவும் பேசலை."

அந்தப் பதில்தான் வழக்கைக் காப்பாற்றியது. 15,000 கொடுத்து, வட்டியோடு 18,000க்கு செக் வாங்குபவர்கள் கவனியுங்கள். உரிமம் இல்லாதவர் வட்டிக்கு ஒரே ஒரு கடன் கொடுத்திருந்தாலும், அவர் வட்டித் தொழில் செய்கிறார் என்று 1951ஆம் ஆண்டு வட்டிக்கடன் சட்டம் அனுமானிக்கும். அதை நீங்கள்தான் முறியடிக்க வேண்டும். முடியாவிட்டால் வட்டி மட்டுமல்ல, முதலும் போகலாம்.

வட்டி பேசாத அக்காவுக்கு எப்படி வட்டி கிடைத்தது? அது கடன் வட்டி அல்ல, தாமதத்துக்கு நீதிமன்றம் கொடுப்பது. செக்குகளுக்கும் பொருந்தும் 1949ஆம் ஆண்டு உண்டியல் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி, செக் தொகையோடு, அதை பேங்க்கில் போட்ட நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம். நாங்கள் ஆண்டுக்கு 5 சதவீதம் கேட்டோம். வருடத்துக்கு 900 ரிங்கிட். தீர்ப்பு வர இரண்டு வருடம் ஆனது, ஆக 19,800. தீர்ப்புக்குப் பிறகும் பணம் கைக்கு வரும்வரை முதலுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. செலவுத்தொகை தனி.

முதலில் 14 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். பதில் இல்லை. தொகை 100,000 ரிங்கிட்டுக்குள் என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தோம். (5,000 வரை என்றால் வக்கீல் இல்லாமலே சிறு கோரிக்கையாக நீங்களே போடலாம்.) சம்மன் கிடைத்து 14 நாளுக்குள் அவர் ஆஜராகாவிட்டால் அப்போதே தீர்ப்பு கேட்டிருக்கலாம். அவர் ஆஜராகி, "அது சும்மா உத்தரவாதத்துக்குக் கொடுத்த செக்" என்றார். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கையெழுத்திட்ட செக், மதிப்புக்குப் பதிலாகவே கொடுக்கப்பட்டது என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. அக்காவிடம் பேங்க் பரிமாற்றப் பதிவும், செக் படத்தோடு திரும்பிய காரணம் அச்சிட்ட பேங்க் தாளும் இருந்தன. அவரிடம் வெறும் வாய்ப்பேச்சு.

தீர்ப்பு வந்தால் பணம் தானாக வராது. அவருடைய லாரிக்கு இன்னும் தவணை கட்டி முடியவில்லை, அதனால் அதை ஜப்தி செய்வதில் பயனில்லை. ஆனால் செம்பனை ஆலை ஒன்று அவருக்கு ஏற்றுக்கூலி பாக்கி வைத்திருந்தது. அந்தப் பாக்கியை அக்காவிடம் கட்டும்படி ஆலைக்கு நீதிமன்ற உத்தரவு வாங்கினோம். அதில்தான் பெரும்பகுதி வந்தது. கடன் வாங்கியவருக்கு யார் யார் பணம் தர வேண்டும் என்று விசாரித்து வையுங்கள், எங்களுக்கு அது தங்கம்.

செக்கை வாங்கும்போதே அது யார் கணக்கு என்று பாருங்கள். செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனி பெயரில் இருந்தால், கையெழுத்துப் போட்ட முதலாளியின் வீட்டை நீங்கள் தொட முடியாது. கம்பெனிதான் கடனாளி. பணம் உங்கள் நண்பருக்கு என்றால் அவருடைய சொந்தக் கணக்குச் செக் கேளுங்கள், ஐசி நகலும் தற்போதைய முகவரியும் வாங்குங்கள். ஆறு மாதம் தாண்டிய செக்கை பேங்க் ஏற்காது, அதனால் "கொஞ்சம் பொறுங்க, அப்புறம் போடுங்க" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். ரொக்கமாகப் பணம் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

பழைய செக் ஒன்று வீட்டில் கிடக்கிறதா? அது திரும்பிய தேதியை இன்றே பாருங்கள். அவர் இடையில் 200, 300 என்று பேங்க் வழியாகக் கட்டியிருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வாருங்கள். ஆறு வருடம் முடியும் முன் கட்டிய பணமாக இருந்தால், அவகாசம் அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும்.