எல்ஓடி: 'விவர மட்டம்' வேண்டாம், 'நுணுக்கப்படி' போதும்

முப்பரிமாண விளையாட்டு செய்யக் கற்றுத்தரும் வீடியோ ஒன்றின் தமிழ்த் துணைத்தலைப்பில், எல்ஓடி என்ற சொல்லைத் தமிழாக்கி, 'இங்கே விவர மட்டம் குறைகிறது' என்று போட்டிருந்தார்கள். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் என்னிடம் மாடலிங் கற்கும் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "அண்ணா, மாடல் மட்டமா இருக்குன்னு சொல்றாங்களா?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. மட்டம் என்றால் சமதளமும் உண்டு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் உண்டு. ஆனாலும் நம் காதில் முதலில் விழுவது மட்டமான சரக்குதான். அவனோடு படிக்கும் தெலுங்குப் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடமே இல்லை. அவர்கள் 'ஸ்தாயி' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நமக்கு ஸ்தாயி பாட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டது.

சொல் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்ஓடி என்பது 'லெவல் ஆஃப் டீடெய்ல்' என்பதன் சுருக்கம். லெவல் என்பது சிறு துலாக்கோலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. டீடெய்ல் பிரெஞ்சில் துண்டு துண்டாக வெட்டுவது. துணி வெட்டும் டெய்லருக்கும் அதே வேர். திரையில் சிறிதாகத் தெரியும் பொருளுக்கு எளிய வடிவம் போதும் என்பதை 1976-இல் ஜேம்ஸ் கிளார்க் ஒரு கட்டுரையில் முறைப்படி எழுதினார். ஆக, மட்டம் என்பது வேரளவில் சரிதான். வேர் சரியாக இருந்து என்ன பயன், படிக்கிறவனுக்குத் தலைகீழாகப் புரிகிறதே.

பொருளைப் பார்ப்போம். சாலையோரம் 30 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கும் ஓர் உலகத்தைச் செய்கிறோம். மாடல் என்பது சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்ததுதான். சுதைச் சிற்பங்களோடு முழு மாடலில் 80,000 முக்கோணங்கள் என்று வையுங்கள். கேமராவின் செங்குத்துப் பார்வைக் கோணம் 60 டிகிரி. கோபுரம் 52 மீட்டரில் இருந்தால் திரை உயரத்தில் பாதியை அடைக்கும். 260 மீட்டரில் பத்து சதவீதம். 1,300 மீட்டரில் இரண்டே சதவீதம், அதாவது 1080 புள்ளி உயரத் திரையில் சுமார் 22 புள்ளி. அந்த 22 புள்ளி உயரத்துக்குள், அகலத்தையும் சேர்த்தால் சில நூறு புள்ளிகளுக்குள், நம் பக்கம் திரும்பியிருக்கும் முக்கோணங்களே நாற்பதாயிரம். ஒரு புள்ளிக்கு நூறுக்கு மேல் போட்டி. கிராபிக்ஸ் சிப் எப்போதும் நான்கு புள்ளிகளை ஒரு கட்டமாகத்தான் வண்ணம் தீட்டும். ஒரு புள்ளியைவிடச் சிறிய முக்கோணத்துக்கும் நான்கு புள்ளி வேலை செய்தாக வேண்டும். வேகமும் போகிறது, கேமரா நகரும்போது கோபுரம் மினுமினுக்கவும் செய்கிறது. அதனால் 80,000, 20,000, 4,000, கடைசியில் சில நூறு என்று ஒரே கோபுரத்துக்கு நான்கு மாடல் செய்து வைத்துக்கொண்டு, திரையில் அதன் உயரம் சுருங்கச் சுருங்க ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கிறோம். எல்ஓடி அவ்வளவுதான்.

இங்கேதான் இன்னொரு மொழிபெயர்ப்போடு எனக்குத் தகராறு. 'தொலைவு மாதிரி' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, சுத்தத் தமிழாகவும் இருக்கிறது. ஆனால் மாடலை மாற்றும் முடிவு தொலைவை மட்டும் வைத்து எடுப்பதல்ல. அதே 52 மீட்டரில் ஒரு மீட்டர் உயர மைல்கல்லை வைத்தால் அது திரையில் இரண்டு சதவீதம்கூட வராது. கோபுரத்துக்கு முழு மாடல் வேண்டும், பக்கத்து மைல்கல்லுக்கு ஆகக் கடைசி மாடலே போதும். தொலைவோ இரண்டுக்கும் ஒன்றுதான். இன்னும் வேடிக்கை, விளையாடுகிறவர் பைனாகுலரை எடுத்தால் கோணம் 10 டிகிரியாகக் குறைகிறது. அப்போது 260 மீட்டரில் பத்து சதவீதமாக இருந்த கோபுரம் அறுபத்தாறு சதவீதமாகிறது. ஆள் ஓர் அடிகூட நகரவில்லை. 'தொலைவு மாதிரி' என்று கற்ற பிள்ளை மீட்டர் கணக்கில் எல்லை எழுதுவான்; பைனாகுலரில் பார்த்தால் திரை முழுக்கச் சிற்பமே இல்லாத மொழுக்கைக் கோபுரம் நிற்கும். இந்தத் தப்பைப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். சொல் பிழையாக இருந்தால் நிரலும் பிழையாகும்.

'விவர நிலை' என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் நிலை என்றதும் உயர்நிலை, தாழ்நிலை என்று மனம் அடுக்கத் தொடங்கும். விளையாட்டு செய்யும் மென்பொருள்களான யூனிட்டியிலும் அன்ரியலிலும் `LOD0` தான் ஆக நுணுக்கமானது. எண் ஏற ஏற மாடல் எளிதாகும். நகர வரைபடங்களுக்கான சிட்டிஜிஎம்எல் தரத்திலோ இது அப்படியே தலைகீழ். அங்கே பூஜ்யம்தான் ஆக எளியது. 'மூன்றாம் நிலை' என்று மட்டும் சொன்னால் எந்த மூன்று? அப்புறம் 'விவரம்' என்றாலே நம் ஊரில் தகவல், இல்லாவிட்டால் விவரமான ஆள்.

என் சொல் நுணுக்கப்படி. படி என்பது ஏறி இறங்குவது மட்டுமல்ல. கையெழுத்துப்படி, மூலப்படி, படியெடுத்தல் என்று நகலுக்கும் அதுவே பெயர். எல்ஓடி இந்த இரண்டும்தான்: ஒரே பொருளின் நகல்கள், நுணுக்கத்தில் ஒன்றுக்கொன்று ஒரு படி இறங்கியவை. நிலை, மட்டம் இரண்டுமே இந்த நகல் பொருளைத் தராது. நுணுக்கப்படி 0 என்பது மூலப்படி என்று சொல்லிவிட்டால், எண் ஏறினால் ஏன் எளிதாகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒன்றை எடுத்து மற்றதை வைப்பது படிமாற்றம்.

மூலப்படியிலிருந்து அடுத்த படியை எடுக்கும்போது எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில், முக்கோணங்களைக் குறைக்கும் `Decimate` போட்டு விகிதத்தை 0.05 ஆக்கினால் கோபுரம் உடனே 4,000 முக்கோணத்துக்கு வந்துவிடும். கூடவே உச்சிக் கலசங்கள் முள்ளாகிவிடும், சிலது காணாமலே போகும். உருவம் எவ்வளவு மாறும் என்று பார்த்துத்தான் `Decimate` முக்கோணங்களை ஒன்றோடொன்று இணைத்துக் குறைக்கிறது. மெல்லிய கலசத்தின் முக்கோணங்கள் சின்னவை, அவற்றை இழப்பது அதன் கணக்கில் சின்ன இழப்பு. கண்ணுக்கோ வானத்துக்கு எதிரே தெரியும் விளிம்புதான் எல்லாம். நகரி மூக்கு மலையைத் தூரத்திலிருந்து அடையாளம் சொல்கிறவன் பாறைகளை எண்ணியா சொல்கிறான், மூக்கைப் பார்த்துத்தானே. அதனால் சிற்பங்களைத் தட்டையாக்கி ஓவியமாக ஒட்டிவிட்டு, கலசங்களைத் தனியாகப் பிரித்துக் கையால் எளிமையாக்க வேண்டும். படிமாற்றம் நடக்கும் இடத்துக்குக் கேமராவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விளிம்பு பட்டென்று துள்ளினால் படி சரியில்லை. அப்போது சதவீத எல்லையை மாற்றிப் பயனில்லை, மாடலைத்தான் திருத்த வேண்டும். ஒரு படியை மெல்ல மங்கவைத்து அடுத்ததைக் கொண்டுவரும் யூனிட்டியின் `Cross Fade` துள்ளலைக் கொஞ்சம் மறைக்கும். ஆனால் மாறும் அந்த நேரத்துக்கு இரண்டு படிகளையும் சேர்த்து வரையும். கூட்டமான காட்சியில் அந்தச் செலவு தெரியும்.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். அதே துணைத்தலைப்பில் `LOD Bias` என்பதை 'விவர மட்டப் பாரபட்சம்' என்று போட்டிருந்தார்கள். அகராதியைத் திறந்தவர் யூனிட்டியைத் திறக்கவில்லை. அந்த எண்ணை 2 ஆக்கினால் பொருளின் திரை உயரம் இரட்டிப்பாகக் கணக்கில் கொள்ளப்படும். மூலப்படி இரண்டு மடங்கு தொலைவு வரை நிற்கும். 0.5 என்றால் பாதித் தொலைவிலேயே படி இறங்கிவிடும். எல்லாப் பொருளுக்கும் ஒரே பெருக்கல், இதில் யாருக்குப் பாரபட்சம்? 'படிச்சாய்வு' என்று எழுதுங்கள். பிடிக்காவிட்டால் பயாஸ் என்றே விட்டுவிடுங்கள், பையன்களுக்கு அதாவது புரியும்.