கருமபீடத்தில் கை ஓங்கியவரின் விண்ணப்பம் என்ன ஆகும்?

பிரதேச செயலகங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “எங்களைக் கண்டபடி ஏசிப்போட்டுப் போற ஆளுக்கும் நாங்கள்தான் வேலை செய்து குடுக்கவேணுமா?” வரிசையில் நிற்கும் மக்களிடம் இதற்கு மறுபக்கமான கேள்வி இருக்கிறது. கோபத்தில் ஒரு சொல் கூடிப்போனால் கோப்பை ஒரு மூலையில் போட்டுவிடுவார்களோ என்ற பயம் அது. இரண்டுக்குமே சட்டத்தில் பதில் உண்டு. அந்த ஆளின் நடத்தை ஒரு விடயம், அவருடைய விண்ணப்பம் வேறொரு விடயம். இரண்டையும் ஒரே கோப்பில் போடக்கூடாது.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். படுவான்கரைப் பக்கம் ஒரு பிரதேச செயலகம். அஸ்வெசும மேன்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை என்று ஒருவர் மூன்றாவது தடவையாக வருகிறார். கருமபீடத்தில் இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர், “ஐயா, இன்னும் முடிவு வரல்ல” என்கிறார். “எத்தனை தரம் மிஸ் இதையே சொல்லுவீங்க?” என்று அவர் சத்தம் போடுகிறார்.

இதுவரை நடந்ததில் குற்றம் எதுவும் இல்லை. இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்குக் குரல் உயரத்தான் செய்யும். உத்தியோகத்தரின் பெயரைக் கேட்பதும், “மேலிடத்துக்கு எழுதுவன்” என்பதும் அவருடைய உரிமை. காது மந்தமானவர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள். அம்பாறையில் சிங்களப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் நிற்பவர் எரிந்து விழுவதும் உண்டு. இதையெல்லாம் முறைகேடு என்று எழுதத் தொடங்கினால், உண்மையான முறைப்பாடு வரும்போது அதற்கு மதிப்பிருக்காது.

அடுத்து அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை ஓங்கி, “வெளிய வா, மண்டையப் பிளக்கிறன்” என்கிறார். இங்கேதான் கோடு தாண்டப்படுகிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 342 ஆம் பிரிவின்படி வெறும் சொல் மட்டும் தாக்குதல் ஆகாது. ஆனால் ஒரு சைகைக்கு அந்தச் சொல் தாக்குதல் என்ற அர்த்தத்தைக் கொடுக்க முடியும். ஓங்கிய ஹெல்மெட்டும் அந்தச் சொல்லும் சேர்ந்தால், அடி விழாவிட்டாலும் அது தாக்குதல்தான். கடமையில் இருக்கும் அரச ஊழியர் மீது அது நடந்தால் 344 ஆம் பிரிவு வருகிறது. இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு.

எங்கள் அலுவலகங்களில் பெரும்பாலான முறைப்பாடுகள் வலுவிழப்பது எழுதும் விதத்தால்தான். “சேவைநாடி தகாத வார்த்தைகளால் ஏசினார்” என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அதை வாசிக்கும் பொலிஸாருக்கோ நீதவானுக்கோ என்ன நடந்தது என்று தெரியாது. அவர் சொன்ன சொல்லை, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், சொன்னபடியே எழுதவேண்டும். நேரம், கையில் என்ன இருந்தது, எவ்வளவு தூரத்தில் நின்றார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் அன்றைக்கே எழுதப்பட்டுக் கையெழுத்தும் வேண்டும். கமரா இருந்தால் அந்தப் பகுதியை உடனே பிரதி எடுத்து வைக்கச் சொல்லவேண்டும். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

இரண்டு நாள் கழித்து இரவில் அந்த உத்தியோகத்தரின் கைபேசிக்கு அதே ஆளிடமிருந்து ஆபாசமான செய்திகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கள வேலைக்காகக் கொடுத்த இலக்கம்தான். அலுவலக நேரத்துக்கு வெளியே நடந்தது, தனிப்பட்ட பிரச்சினை என்று மேலதிகாரி கையை விரிக்கக்கூடாது. அந்த இலக்கம் அவர் கைக்குப் போனதே கடமையால்தான். 1995 இல் திருத்தப்பட்ட 345 ஆம் பிரிவு சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஐந்து வருடம் வரை போகலாம், நட்டஈடும் விதிக்கலாம். செய்திகளை அழித்துவிடாமல் இலக்கமும் திகதியும் தெரியும்படி படம் பிடித்து வைத்துவிட்டு, அப்புறம் தடை செய்யுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்தில் கொடுப்பது பெரும்பாலான பெண்களுக்கு இலகுவாக இருக்கும். “ஊர்க்காரன் தானே, சமாதானமாப் போ தங்கச்சி” என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். அப்படிச் சொல்லும் உரிமை மேலதிகாரிக்கு நிச்சயமாக இல்லை. அவர் செய்யவேண்டியது முறைப்பாட்டுடன் ஒரு கடிதமும் ஒரு ஆளும் சேர்த்து அனுப்புவது.

சரி, அவருடைய மேன்முறையீடு என்ன ஆகும்? அது நடக்கத்தான் வேண்டும். அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தருகிறது, ஏசியவருக்கும் சேர்த்துத்தான். அஸ்வெசும கிடைப்பதும் கிடைக்காததும் அந்தக் குடும்பத்தின் வருமானம், வீடு, சொத்து போன்றவற்றைப் பொறுத்தது. ஹெல்மெட் ஓங்கியது அதில் ஒரு அளவுகோல் இல்லை. அந்த வீட்டில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கருமபீடத்துப் பக்கமே வராத அவர்கள் ஏன் பட்டினி கிடக்கவேண்டும்?

மாற்றக்கூடியது சேவை கொடுக்கும் வழியை மட்டும்தான். பிரதேச செயலாளர் அந்தக் கோப்பை வேறொரு உத்தியோகத்தரிடம் எழுத்தில் ஒப்படைக்கிறார். அது அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு. பயந்துபோன ஒருவர் தன் கோப்பில் முடிவெடுக்கமாட்டார் என்பதால் விண்ணப்பதாரருக்கும் அதில் நியாயம் கிடைக்கிறது. இனி முன்கூட்டியே நேரம் எடுத்து வரவேண்டும், அல்லது தபாலில் எழுதவேண்டும், அல்லது வீட்டிலிருந்து வேறொருவரை அனுப்பவேண்டும் என்று ஒரு கடிதம் அவருக்குப் போகிறது. அதில் காரணம் இருக்கவேண்டும், எவ்வளவு காலத்துக்கு என்றும் இருக்கவேண்டும், அவர் தரப்பைச் சொல்ல இடமும் இருக்கவேண்டும். முடிவுத் திகதி இல்லாத கட்டுப்பாடு கடைசியில் பழிவாங்கலாகத்தான் முடியும். விண்ணப்பக் கோப்பின் மேல் “பிரச்சினையான ஆள்” என்று சிவப்பு மையில் எழுதுவது அதைவிட மோசம். அடுத்து வரும் உத்தியோகத்தர் படிவத்தை வாசிக்கும் முன்பே அந்த வரியை வாசித்துவிடுவார்.

கோப்பு உண்மையில் நகர்கிறதா என்று விண்ணப்பதாரர் பார்க்க வழி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தன் மேன்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். ஏன் கேட்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். அதே சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். வந்த காரணம் வருமானத்தையும் சொத்தையும் பற்றிப் பேசாமல் அன்றைய சண்டையைப் பற்றிப் பேசினால், அதுவே பாரபட்சத்துக்குச் சாட்சி. அதை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம் உண்டு. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

இவ்வளவும் நடக்கும்போது பொலிஸ் முறைப்பாடும் தன்பாட்டில் நடக்கும். “முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்க, அஸ்வெசும அலுவலை முடிச்சுத் தாறம்” என்று யாராவது பேரம் பேசினால் இரண்டு பக்கமும் மறுத்துவிடவேண்டும். மேன்முறையீட்டில் அவருக்குத் தகுதி இருக்கிறது என்று முடிவு வந்தால், வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் இருக்கும்போதே அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகும்.