அனுப்பியவர் அசல், பூட்டுச் சின்னம் அசல், எச்சரிக்கை மட்டும் போலி

ஃபேஸ்புக்கில் சமையலுக்கோ துணிக்கடைக்கோ ஊர்ச் செய்திக்கோ ஒரு பக்கம் நடத்துபவர்களில் இந்தக் கடிதத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 'உங்கள் பக்கத்தில் காப்புரிமை மீறல் கண்டறியப்பட்டுள்ளது. 48 மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் பக்கம் நிரந்தரமாக நீக்கப்படும்.' கீழே ஒரு நீலப் பொத்தான். மின்னஞ்சலாக வரும், மெசஞ்சரில் வரும், சில நேரம் யாரோ ஒரு பதிவில் உங்கள் பக்கத்தைக் குறியிட்டதாக அறிவிப்பாகவும் வரும்.

பக்கம் வைத்திருப்பவர்களையே ஏன் குறிவைக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃபேஸ்புக் பக்கத்துக்கெனத் தனியாகக் கடவுச்சொல் கிடையாது. யாராவது ஒருவரின் சொந்தக் கணக்கு வழியாகத்தான் அதற்குள் போக முடியும். அந்த ஒரு கணக்கு கைமாறினால், அவர் நிர்வகிக்கும் எல்லாப் பக்கங்களும், அவர் விளம்பரத்துக்குச் சேர்த்து வைத்த வங்கி அட்டையும் சேர்ந்தே போகும். திருடர்கள் முதலில் தேடிப்போவது பெரும்பாலும் அந்த விளம்பரக் கணக்கைத்தான். நாலு வருடமாக ஒழுங்காகப் பணம் கட்டிவந்த கணக்கிலிருந்து விளம்பரம் ஓட்டினால் எளிதில் சந்தேகம் வராது.

2022 டிசம்பரில் டிரஸ்ட்வேவ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இப்படி ஒரு பொறியை முழுசாகப் பிரித்துக் காட்டினார்கள். மின்னஞ்சலில் இருந்த இணைப்பு போலித் தளத்துக்குப் போகவில்லை, உண்மையான facebook.com-இல் இருந்த ஒரு பதிவுக்குப் போனது. ஃபேஸ்புக் சின்னத்தைப் படமாக வைத்துக்கொண்டு, உதவிப் பிரிவு போல ஒரு பெயரும் சூட்டிக்கொண்ட ஒரு கணக்கு அந்தப் பதிவைப் போட்டிருந்தது. போலித் தளத்தின் இணைப்பு அந்தப் பதிவுக்குள்தான் இருந்தது. மின்னஞ்சல் வடிகட்டிகள் கடிதத்தில் உள்ள முகவரியைச் சோதிக்கும்போது அங்கே இருப்பது facebook.com மட்டுமே. அதை எந்த வடிகட்டி தடுக்கும்?

பதிவிலிருந்து போய்ச் சேரும் தளம் மேல்முறையீட்டுப் படிவம் போலவே இருந்தது. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், அப்புறம் ஃபேஸ்புக் பயனர்பெயர். அனுப்பு என்று அழுத்தியதும் இந்த விவரங்களோடு அந்த நபரின் ஐ.பி. முகவரியும் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் திருடனுக்குப் போயின. ஊர் எதற்கு? அதே பகுதியிலிருந்து நுழைவதுபோல் காட்டிக்கொண்டால் ஃபேஸ்புக்கின் 'புதிய இடத்திலிருந்து நுழைவு' சோதனையை ஏமாற்றலாம் என்பது ஓர் ஊகம். அடுத்த திரையில் 6 இலக்கக் குறியீட்டைக் கேட்டு ஒரு பெட்டி, பக்கத்தில் ஓடும் கடிகாரம். எந்த எண்ணைப் போட்டாலும் தவறு என்றே சொல்லும். வேறு வழியில் உறுதிசெய்யவா என்ற இணைப்பைத் தொட்டால் அசல் ஃபேஸ்புக்குக்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஏதோ கோளாறு, சரியாகிவிட்டது என்று நினைத்து நாமும் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கியிருக்கிறேன், எனக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அந்தக் குறியீட்டுத் திரை. குறியீட்டுச் செயலியில் தெரியும் 6 இலக்க எண் உங்கள் போனிலும் ஃபேஸ்புக்கின் கணினியிலும் இருக்கும் ஒரே ரகசியச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் எண் இன்னும் சில நிமிடம் கூடுதலாக உயிரோடு இருக்கும். எதுவானாலும், அந்த எண்ணை யார் கேட்டார்கள், எந்தத் தளத்தில் தட்டினீர்கள் என்பது எண்ணுக்குத் தெரியாது. காலாவதி ஆகும் முன் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் ஃபேஸ்புக் ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே போலித் தளம் ஒரு தரகர் வேலை பார்க்கிறது. கடவுச்சொல்லும் கேட்கும் தளத்தில் நீங்கள் அதைத் தட்டியதும் அது அநேகமாக டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் ஒரு பாட் வழியாகத் திருடனின் போனுக்குப் போகும். அவன் உடனே அசல் ஃபேஸ்புக்கைத் திறந்து உங்கள் பெயரில் நுழையப் பார்ப்பான். அசல் ஃபேஸ்புக் குறியீடு கேட்கும். உங்கள் போனில் குறியீடு வரும், அதுவும் உண்மையாகவே ஃபேஸ்புக் அனுப்பியது. போலித் தளத்தில் அதே நேரம் குறியீட்டுப் பெட்டி திறந்திருக்கும். நீங்கள் தட்ட, அவன் அதை அங்கே போட, உள்ளே போய்விடுவான். அவனுக்கு நேரம் போதாவிட்டால் தளம் 'தவறான குறியீடு, மறுபடி முயலுங்கள்' என்று சொல்லிப் புது எண்ணை வாங்கும். கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்பதும் இப்படித்தான்: முதல் தடவை தவறு என்று பொய் சொன்னால், அவசரத்தில் தப்பாகத் தட்டியவர் இரண்டாம் தடவை நிதானமாகத் தட்டுவார். சிலர் தன்னிடம் இருக்கும் எல்லாக் கடவுச்சொல்லையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. திருடனுக்கு அது போனஸ்.

2023-இல் இன்ஸ்டாகிராம் பயனர்களுக்கு வந்த காப்புரிமை எச்சரிக்கை இந்த அவசரத்தையும் தவிர்த்துவிட்டது. அது கேட்டது காப்புக் குறியீட்டை, அதாவது போன் தொலைந்தால் பயன்படட்டும் என்று இன்ஸ்டாகிராம் தரும் 8 இலக்க எண்ணை. அதற்கு 30 விநாடிக் கெடு கிடையாது. திருடன் சாவகாசமாக நுழையலாம்.

அனுப்புநர் முகவரியைப் பார் என்ற பழைய அறிவுரையும் முன்பு போல் காப்பாற்றுவதில்லை. ஃபேஸ்புக்கின் அசல் மின்னஞ்சல்கள் facebookmail.com என்ற முகவரியிலிருந்து வரும். வணிகக் கணக்கு வைத்திருப்பவர் இன்னொருவரைக் கூட்டாளியாக அழைக்கும் வசதி ஃபேஸ்புக்கில் உண்டு. அழைத்தால், ஃபேஸ்புக்கே அவருக்கு facebookmail.com-இலிருந்து ஒரு கடிதம் அனுப்பும், அதில் அழைப்பவரின் வணிகப் பெயர் இருக்கும். சரி, அந்தப் பெயர் இருக்கும் இடத்தில் எச்சரிக்கை வாசகத்தையே எழுதினால்? 2025-இல் செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் 40,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் போயிருந்ததைக் காட்டியது. அனுப்பியது உண்மையிலேயே ஃபேஸ்புக்கின் சர்வர் என்பதால், அனுப்பியவர் அசலா என்று பார்க்கும் மின்னஞ்சல் கையொப்பச் சோதனை எல்லாவற்றிலும் அந்தக் கடிதம் தேறிவிடும். முகவரி ஓரத்தில் தெரியும் பூட்டுச் சின்னமும் அப்படியே. போகிற வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அது சொல்கிறது. போய்ச் சேரும் இடம் யாருடையது என்று அது சொல்வதில்லை, போலித் தளத்துக்கும் அது இலவசமாகக் கிடைக்கும்.

போலியைக் கண்டுபிடிக்க எனக்கு நம்பகமாகத் தெரிவது கடிதத்தின் தோற்றமில்லை, அது சொல்லும் நடைமுறை. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டி.எம்.சி.ஏ. என்ற காப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர் முறையான புகார் கொடுத்தால் தளம் அந்தப் பதிவை விரைவாக நீக்க வேண்டும். நீக்கிவிட்டுத்தான் பதிவிட்டவருக்குச் சொல்வார்கள். ஆகவே உண்மையான அறிவிப்பில் எந்தக் காணொளி, யார் புகார் கொடுத்தார்கள் என்பது இருக்கும். உங்கள் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்தக் காணொளி ஏற்கெனவே காணாமல் போயிருக்கும். மறுப்பு மனு கொடுத்தால், புகார் செய்தவர் வழக்குப் போடாதபட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களில் அதைத் திரும்ப வைக்க வேண்டும் என்கிறது சட்டம். போலிக் கடிதமோ எந்தப் பதிவு என்று சொல்லாது, எதுவும் நீக்கப்பட்டும் இருக்காது, ஆனால் மொத்தப் பக்கமும் 24 அல்லது 48 மணி நேரத்தில் போய்விடும் என்று மிரட்டும். சந்தேகம் வந்தால் கடிதத்தில் உள்ள எதையும் தொடாமல் ஃபேஸ்புக் செயலியைத் தனியாகத் திறந்து, அங்கே உங்கள் பக்கத்தின் நிலை பற்றிய பகுதியைப் பாருங்கள். உண்மையான புகார் என்றால் அங்கேயும் இருக்கும்.

இந்தத் தரகரை வழியிலேயே நிறுத்தும் தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது: பாஸ்கீ, அல்லது யு.எஸ்.பி. வடிவில் வரும் பாதுகாப்புச் சாவி. இதில் நீங்கள் தட்டுவதற்கு எந்த ரகசியமும் கிடையாது. சாவி உங்கள் கருவியிலேயே இருக்கும். நுழையும்போது ஃபேஸ்புக் ஒரு சீரற்ற எண்ணை அனுப்பும், கருவி அதற்குக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். கையொப்பமிடும் தரவுக்குள், தான் இப்போது திறந்திருக்கும் தளத்தின் முகவரியை பிரவுசரே சேர்த்துவிடும். facebook.com-க்காக உருவான சாவியை வேறு முகவரியில் இருக்கும் தளம் கேட்டால் பிரவுசர் தராது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வேலையை இங்கே பிரவுசர் செய்கிறது. கடவுச்சொல் மேலாளரிடமும் இதன் சாயல் உண்டு. எப்போதும் தானாக நிரம்பும் கடவுச்சொல் பெட்டி இன்று காலியாக இருந்தால், நகலெடுத்து ஒட்டாதீர்கள், முகவரியைப் பாருங்கள்.

பாஸ்கீக்கும் ஓட்டைகள் உண்டு. கணக்கில் எஸ்.எம்.எஸ். வழியும் திறந்தே இருந்தால் போலித் தளம் பாஸ்கீயைப் பற்றிப் பேசவே பேசாது, எஸ்.எம்.எஸ். எண்ணை மட்டும் கேட்கும். இன்னொரு வகை இன்னும் மோசம். கணக்கு அசல் என்று காட்டும் நீல நிறக் குறி தருகிறோம், அதற்கு உங்கள் பிரவுசரில் c_user, xs என்ற இரண்டு மதிப்புகளை நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள் என்று காணொளி போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான சான்று அந்த இரண்டு குக்கீகள். அவை கையில் கிடைத்தவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், குறியீடும் வேண்டாம், பாஸ்கீயும் வேண்டாம்.

ஏற்கெனவே தட்டிவிட்டீர்கள் என்றால், செயலியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்துவது பலர் செய்யும் தவறு. உள்ளே வந்தவன் பழைய நுழைவிலேயே இருக்கலாம். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். அப்புறம் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மின்னஞ்சல், தொலைபேசி எண், அவன் சேர்த்துவிட்டுப் போன குறியீட்டுச் செயலி ஆகியவற்றை நீக்கி, காப்புக் குறியீடுகளைப் புதிதாக எடுங்கள். பக்கத்தின் நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வணிகக் கணக்கின் பட்டியல் தனி, அதையும் திறந்து பாருங்கள், பலர் பார்க்க மறப்பது அதைத்தான். உள்ளேயே போக முடியவில்லை என்றால் facebook.com/hacked என்ற முகவரியை நீங்களே தட்டித் திறக்க வேண்டும். விளம்பரத்துக்காக அட்டையிலிருந்து பணம் போயிருந்தால் வங்கியில் அட்டையை முடக்கச் சொல்லிவிட்டு, இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பணம் வேறு கைக்கு மாறுவதற்குள் அதை முடக்கவே அந்த எண் இருக்கிறது, எனவே மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்.